"தெரியல" என்றால் என்ன? ஒரு தெருப்படத்தை விவரித்த நிகழ்வு ஆய்வு

மாலை 4.40 மணிக்கு அக்காவிடமிருந்து ஒரு படமும் கூடவே ஒரு குரல் செய்தியும் வந்தன. "தம்பி, தினமும் போற வழிதான். இப்ப ஒருத்தர் 'பார்த்துப் போங்கம்மா'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. எதைப் பார்த்துன்னு சொல்லல. நான் நகராம நிக்கிறேன். முன்னாடி என்ன இருக்குன்னு சொல்லுங்க."

அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தனியாக வெள்ளைக் கோலோடு நடப்பவர். வழியில் ஏதாவது புதிதாக இருந்தால் படம் எடுத்து அனுப்புவார், நான் விவரிப்பேன். சில ஆண்டுகளாக இது நடக்கிறது. அன்று நான் செய்த விவரிப்பு மோசமானது. அதை அப்படியே முதலில் தருகிறேன், ஏனென்றால் அதில் ஒரு வாக்கியம்கூடப் பொய் சொல்லும் எண்ணத்தோடு எழுதப்படவில்லை. படத்தைப் பார்த்து முப்பது விநாடியில் எழுதியது:

"நடைபாதை நல்லா இருக்கு அக்கா. கொஞ்ச தூரத்துல ஒரு பைக் குறுக்க நிக்குது. வலப்பக்கமா இடம் இருக்கு, அப்படிப் போங்க. அதைத் தாண்டினா குறுக்குத் தெரு, ஜீப்ரா கிராசிங் இருக்கு. சிக்னல் சிவப்பு. நடந்து போறவங்களுக்கான சிக்னல் தெரியல. வலது பக்கம் ஒரு போர்டு, நடைபாதை மூடப்பட்டுள்ளதுன்னு போட்டிருக்கு."

அக்கா நகரவில்லை. பதில் செய்தியில் வரிசையாகக் கேட்டார்: "கொஞ்ச தூரம்னா எத்தனை காலடி? போர்டு வலதுல எங்க, என் தோளுக்கு நேரா இல்ல முன்னாடியா? சிவப்பு யாருக்கு? அப்புறம், தெரியலன்னா என்ன தம்பி? சிக்னலே இல்லையா, மறைஞ்சிருக்கா, படத்துக்கு வெளிய இருக்கா, இல்ல உங்களுக்குப் புரியலையா?"

கடைசிக் கேள்வி என்னை நிறுத்தியது. தமிழில் "தெரியவில்லை" என்ற ஒரே சொல் கண்ணுக்குப் படவில்லை என்பதற்கும் அறியேன் என்பதற்கும் பொதுவானது. பார்வையுள்ள இருவர் பேசும்போது இது சிக்கலாவதில்லை, கேட்பவர் தானே திரும்பிப் பார்த்துக்கொள்வார். படத்தை விவரிக்கும்போது அந்தச் சொல்லுக்குள் வேறு வேறான நான்கு செய்திகள் ஒளிந்துகொள்கின்றன. படத்தின் எல்லைக்குள் அந்த இடம் வரவில்லை. வந்திருக்கிறது, ஆனால் வேறொன்று மறைக்கிறது. மறைவில்லாமல் கிடக்கிறது, ஆனால் இன்னதென்று பிரித்தறிய முடியவில்லை. நன்றாகப் பார்த்துவிட்டேன், அங்கே அது இல்லை. இந்த நான்குக்கும் நடப்பவர் செய்ய வேண்டியது வேறு வேறு. முதலாவதற்குத் திரும்பி நின்று இன்னொரு படம் எடுக்கலாம். இரண்டாவதற்கு இரண்டடி நகர்ந்து எடுக்கலாம். மூன்றாவதைக் கோலால்தான் தொட்டறிய வேண்டும். நான்காவதை மட்டுமே நம்பி நடக்க முடியும். நான் எழுதிய ஒற்றைச் சொல் இந்த நான்கில் எது என்று அவருக்குச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கே அப்போது தெரிந்திருக்கவில்லை.

படத்தைப் பெரிதாக்கி மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.

படம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது

போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம். போன்களின் வழக்கமான முதன்மைக் கேமரா நிமிர்ந்த நிலையில் கிடைவாக்கில் ஏறக்குறைய 53 பாகை அகலத்தைப் பிடிக்கும். நேர் முன்னே பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொள்ளும் கடிகார முறையில் ஒரு மணிக்கு 30 பாகை. ஆக, படத்தின் இட விளிம்பு பதினொரு மணியைக்கூட எட்டாது, வல விளிம்பு ஒரு மணியை எட்டாது. "வலது பக்கம் ஒரு போர்டு" என்று நான் எழுதியது படத்தின் வலது. அவர் உடலுக்கு அது பன்னிரண்டரை மணி, அதாவது கிட்டத்தட்ட நேர் எதிரே. வலது என்றதும் அவர் தோளுக்கு நேரே மூன்று மணியில் ஒரு போர்டைக் கற்பனை செய்தார். யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

இதிலிருந்தே பெரிய விஷயம் ஒன்று பிறக்கிறது. தெருவைக் கடக்க நிற்பவருக்கு ஆபத்து ஒன்பது மணியிலிருந்தும் மூன்று மணியிலிருந்தும், திரும்பும் வண்டி என்றால் முதுகுக்குப் பின்னாலிருந்தும் வரும். முன்னே நோக்கி எடுத்த படத்தில் இவை எதுவும் இருக்க வாய்ப்பே இல்லை. "வண்டி எதுவும் இல்லை" என்று ஒரு படத்தைப் பார்த்துச் சொல்வது கணக்குப்படியே தவறு.

கீழ் விளிம்பிலும் ஒரு பொறி உண்டு. போனை நெஞ்சுயரத்தில், நான்கடியில், சாய்க்காமல் பிடித்தால் காலடியிலிருந்து முதல் ஆறடித் தரை படத்தில் விழாது. குழி அங்கே இருந்தால் படம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அக்கா பழகியவர், போனைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்திருந்தார். அதனால் படத்தின் அடியில் அவருடைய கோலின் நுனி தெரிந்தது. இதைவிட நல்ல அடையாளம் வேறில்லை. கோல் நுனி அவர் உடலின் நடுவுக்கு நேரே இருக்கிறது, அந்த இடத்தை அவர் கையால் உணர்கிறார். அங்கிருந்து அளந்தால் இருவருக்கும் ஒரே தொடக்கப் புள்ளி.

தூரத்தை அதை வைத்தே எண்ணினேன். அவர் நின்றது தொட்டுணரும் ஓடுகள் பதித்த பாதையில். ஜப்பானில் செய்இச்சி மியாகே 1965இல் உருவாக்கி, 1967இல் ஒகயாமா நகரத் தெருவில் முதலில் பதித்த அதே முறைதான் பல நாடுகளுக்கும் பரவியிருக்கிறது: நீளக் கோடுகள் இருந்தால் அந்தத் திசையில் போகலாம், புள்ளிகள் இருந்தால் நின்று கவனிக்க வேண்டும். இங்கே ஓடு ஒன்று ஓரடி, அது அக்காவுக்குக் கால் பழக்கம். கோல் நுனியிலிருந்து பைக்கின் சக்கரம் வரை எட்டு ஓடுகளைத் தெளிவாக எண்ண முடிந்தது. பத்தைத் தாண்டிப் பன்னிரண்டு, பதினான்கு என்று போகும்போது ஓடுகளின் விளிம்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அங்கே எண் சொல்வதை நிறுத்திவிட வேண்டும். எது முதலில் வரும், எது அடுத்து வரும் என்ற வரிசையை மட்டும் சொன்னால் போதும். அகல வில்லை தொலைவில் உள்ளதை இருப்பதைவிடத் தள்ளிக் காட்டும் என்பதால், கண்மதிப்பில் சொன்ன "இருபதடி" பெரும்பாலும் தவறாகத்தான் முடியும்.

எழுத்தைப் படித்தேன், தகட்டைப் பார்க்கவில்லை

என் முதல் பதிலில் உள்ளதிலேயே ஆபத்தான வாக்கியம் "வலப்பக்கமா இடம் இருக்கு, அப்படிப் போங்க" என்பது. தரையில் இடம் இருந்தது உண்மை. பைக் சாய்வாக நின்றது. இடப்பக்கம் சுவருக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு ஓட்டு அகலம், வலப்பக்கம் கம்பித் தடுப்புக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே மூன்று ஓட்டு அகலம். ஆனால் அந்த மூன்று ஓட்டு இடைவெளியின் மேலே, பைக்கைத் தாண்டி இரண்டடியில், நான் "போர்டு" என்று சொல்லி வாசித்த அதே தகடு நீட்டிக்கொண்டிருந்தது. கம்பத்தில் ஒரு பக்கம் மட்டும் கட்டி, மறுபக்கம் பாதைக்குள் நீண்டிருந்தது. போர்டை நான் செய்தியாக மட்டும் பார்த்தேன். அவர் முகத்தில் இடிக்கக்கூடிய இரும்பு அது என்று தோன்றவே இல்லை.

வெள்ளைக் கோல் தரையையும் இடுப்புக்குக் கீழே உள்ளதையும்தான் காக்கும். 1944இல் அமெரிக்காவின் வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில் ரிச்சர்ட் ஹூவர் நீளக் கோலை இரு பக்கமும் வீசி நடக்கும் முறையை வகுத்தார். அடுத்து கால் விழப்போகும் இடத்தை முன்கூட்டியே தொட்டறிவதுதான் அதன் வேலை. இடுப்புக்கு மேலே, தலை வரைக்கும் உள்ள உயரத்தில் கோலுக்கு வேலையில்லை. கிளை, ஜன்னல் கதவு, லாரியின் பின்பலகை, இந்தத் தகடு எல்லாம் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. ஆகவே விவரிப்பவரின் கண் முதலில் போக வேண்டிய இடம் அதுவே. தரையில் உள்ள பைக்கை நான் சொல்லாவிட்டாலும் கோல் கண்டுபிடித்திருக்கும்.

தகடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? இதற்கு எளிய வழி ஒன்றுண்டு, தரை சமமாக இருந்தால் மட்டும் பயன்படும். நடைபாதையின் இரு விளிம்புகளும் தூரத்தில் கூடும் புள்ளியைக் கண்டு, அதன் வழியே ஒரு கிடைக்கோடு போடுங்கள். அதுதான் அடிவானக் கோடு. அது எந்தக் கம்பத்தை வெட்டினாலும், வெட்டுகிற இடம் தரையிலிருந்து கேமராவின் உயரத்தில் இருக்கும், கம்பம் கிட்ட இருந்தாலும் எட்ட இருந்தாலும் சரி. அக்கா போனை நெஞ்சுயரத்தில், நான்கடியில் பிடிப்பவர். கம்பத்தின் அடியிலிருந்து அந்தக் கோடு வரை நான்கு பங்கு என்றால், தகட்டின் கீழ் விளிம்பு அதற்கு மேலே இன்னும் ஒரு பங்கு. ஆக ஐந்தடி. அக்காவின் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். நெற்றி.

கோடுகள் ஓடிய திசை

ஜீப்ரா கிராசிங் என்று நான் எழுதியது இன்னும் மோசமான பிழை. குறுக்குத் தெருவின் தார் மேல் வெளிச்சமும் இருளுமாக மாறி மாறிக் கோடுகள் இருந்தன, அதைப் பார்த்ததும் எழுதிவிட்டேன். பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கோடுகள் ஓடிய திசை உறுத்தியது.

ஜீப்ரா கோடுகள் வண்டி போகும் திசையில் நீண்டிருக்கும். கடக்கப் போகிறவர் நின்று பார்த்தால் அவை ஏணிப் படிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே கிடக்க வேண்டும். படத்தில் இருந்தவையோ சீப்பின் பற்களைப் போல அவரிடமிருந்து விலகி முன்னோக்கி ஓடின. நேரே கடக்கப் போகும் ஒருவருக்கான ஜீப்ரா இப்படி இருக்க முடியாது. பிறகு மற்ற நிழல்களைத் தேடினேன். படத்தின் அடியில் அக்காவின் நிழலே விழுந்திருந்தது, சற்று இடப்பக்கமாகச் சாய்ந்து. கம்பத்தின் நிழலும் அதே சாய்வு. கோடுகளும் அதே சாய்வு. வெயில் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வர, தெருமுனையில் உள்ள பட்டைக் கம்பித் தடுப்பின் நிழல் தார் மேல் விழுந்திருந்தது. சந்தேகத்தைத் தீர்த்தது நின்றிருந்த ஒரு கார்: கோடுகள் அதன் பக்கத்தில் ஏறி வளைந்திருந்தன. பெயின்ட் காரின் மேல் ஏறாது.

அப்படியானால் உண்மையான கிராசிங் எங்கே? பதினொன்றரை மணிப் பக்கம் தேய்ந்த வெள்ளைத் திட்டுகள் இரண்டு இருந்தன. அவை குறுக்காகத்தான் கிடந்தன. ஆனால் இரண்டே இரண்டு. குறுக்குத் தெருவின் நடுக்கோட்டின் மிச்சமாகவும் இருக்கலாம். இங்கே என்னால் "இருக்கலாம்" என்பதைத் தாண்ட முடியவில்லை.

சிவப்பு யாருக்கு

தெருவின் மறுபுறம் உயரத்தில் நமக்கு முகம் காட்டி ஒரு சிவப்பு விளக்கு இருந்தது. நமக்கு முகம் காட்டும் வண்டிச் சிக்னல், அக்கா போகும் திசையிலேயே இணையாகப் போகும் வண்டிகளுக்கானது. அவை நின்றால், அவர் கடக்க வேண்டிய குறுக்குத் தெருவின் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கலாம். "சிவப்பு" என்ற சொல்லை மட்டும் கேட்பவர், குறுக்கே வரும் வண்டிகள் நிற்கின்றன என்று எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு. நேர்மாறான பொருள். யாருக்கான விளக்கு என்று சொல்லாமல் நிறத்தை மட்டும் சொல்லவே கூடாது என்று அன்று முடிவு செய்தேன்.

அந்தச் சிவப்பையும் முழுதாக நம்ப முடியாது. தாழ்ந்த வெயில் நேராக விளக்கின் முகத்தில் அடிக்கும்போது எரியாத விளக்கும் எரிவது போலத் தோன்றும். மனித உருவம் உள்ள பெட்டி, அதாவது நடப்பவர்களுக்கான சிக்னல், படத்தில் கறுப்பாக இருந்தது. அதையும் அணைந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. எல்இடி விளக்குகள் பல மின்சாரத்தின் துடிப்போடு விநாடிக்கு நூறு முறை போல அணைந்தெரிகின்றன. நல்ல வெளிச்சத்தில் போன் கேமரா மிகக் குறைந்த நேரமே திறந்து மூடும். அணைந்த கணத்தில் மாட்டினால் எரிகிற விளக்கும் கறுப்பாகத்தான் பதியும். இதற்கெல்லாம் மேலே, நான் பார்க்கும்போது படத்துக்கு நான்கு நிமிடம் வயதாகிவிட்டது. அதற்குள் சிக்னல் எத்தனையோ முறை மாறியிருக்கும். சிக்னலைப் பற்றி ஒரு படத்திலிருந்து உருப்படியாகச் சொல்லக்கூடியது அது எங்கே இருக்கிறது, யாரை நோக்கி இருக்கிறது என்பது மட்டும்தான்.

பாதிச் சொல்

தகட்டில் உண்மையில் நான் படித்தது "நடைபாதை மூடப்ப" வரைதான். அதற்கு மேல் ஒரு கிளையின் இலைகள் மறைத்திருந்தன. மீதியை என் மனம் இட்டு நிரப்பி "மூடப்பட்டுள்ளது" ஆக்கிவிட்டது. பழக்கமான சொற்றொடர் என்பதால் ஊகிக்கிறேன் என்ற உணர்வே வரவில்லை. "மூடப்படும்" என்றாலும் அதே எழுத்துகள்தான் முன்னே வரும். ஒன்று இன்று வழியில்லை என்கிறது, இன்னொன்று இன்று போகலாம் என்கிறது.

தமிழில் சொல்லின் வால்தான் காலத்தையும் உடன்பாட்டையும் மறுப்பையும் சுமக்கிறது. "அனுமதி உண்டு", "அனுமதி இல்லை" இரண்டிலும் முதல் சொல் ஒன்றே. ஆகவே வால் மறைந்த பலகையை முழுதாகப் படித்ததாகச் சொல்வது பாதி எண்ணைப் பார்த்து முழுப் பேருந்து எண்ணைச் சொல்வது போன்றது. கண்ணில் பட்ட எழுத்துகளை அப்படியே சொல்லி, எந்த இடத்தில் மறைகிறது என்று சொல்லி, பொருந்தக்கூடிய இரண்டு மூன்று முடிவுகளையும் சொல்லிவிட வேண்டும். கேட்பவரிடம் நமக்கில்லாத தகவல் இருக்கும். அது இந்த நிகழ்விலேயே நிரூபணமானது.

அக்காவிடம் கேட்டேன்: "ஒரே ஒரு காலடி இடப்பக்கம் நகர முடியுமா? கால் வைக்கும் இடத்தைக் கோலால தொட்டுப் பார்த்துட்டு வைங்க. போனைப் படுக்கவாட்டுல, நெஞ்சோட ஒட்டிப் பிடிச்சு இன்னொரு படம்." வந்தது. கோணம் மாறியதில் இலைகள் விலகின. "நடைபாதை மூடப்படும்" என்று தெளிவாகத் தெரிந்தது. கீழே சின்ன எழுத்தில் ஒரு தேதி. முதல் இலக்கம் 1 என்பது உறுதி. இரண்டாவது 3 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். இடப்பக்க வளைவு மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதைப் பிரிக்கும் அளவுக்குப் படத்தில் புள்ளிகள் இல்லை. அதை அப்படியே சொன்னேன். அவர் உடனே, "இன்னிக்குப் பதினொண்ணு தம்பி. எதுவா இருந்தாலும் இனிமேதான்" என்றார். என்னால் தீர்க்க முடியாததை அவர் ஒரு நொடியில் தீர்த்தார். நான் துணிந்து ஒரு எண்ணை மட்டும் சொல்லியிருந்தால், அது சரியாகவே இருந்திருந்தாலும், அவர் தலையில் ஒரு ஊகம் உண்மையாக உட்கார்ந்திருக்கும்.

அகலமான இரண்டாவது படத்தில் இன்னொன்றும் கிடைத்தது. தெருமுனையில் நடைபாதை சரிந்து தெரு மட்டத்துக்கு இறங்கும் இடமும் அங்கே உள்ள புள்ளி ஓடுகளும். சரிவு பன்னிரண்டு மணியை நோக்கி இல்லை, ஒரு மணியை நோக்கி, சந்திப்பின் நடுவைப் பார்த்து இறங்கியது. பாதம் உணரும் சரிவின் திசையை நம்பி நேர் வைத்துக்கொள்பவர் கடக்கத் தொடங்கினால் சந்திப்பின் நடுவுக்குப் போய்ச் சேர்வார். பல முனைகளில் இப்படிச் சாய்வாகத்தான் சரிவு கட்டியிருக்கிறார்கள். கிராசிங் இருக்கிறதா என்பதைவிட, சரிவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது படத்திலிருந்து கிடைக்கும் மதிப்புள்ள தகவல். அது அசையாத பொருள், நான்கு நிமிடத்தில் மாறாது.

இரண்டாவது பதில்

எல்லாவற்றுக்கும் "போல இருக்கு" சேர்த்துவிட்டால் நேர்மை ஆகிவிடாது. ஒருமுறை அப்படி எழுதியபோது அக்கா சொன்னது நினைவிருக்கிறது: "எல்லாமே சந்தேகம்னா எனக்கு எதுவுமே சொல்லலைன்னு அர்த்தம்." அதனால் உறுதியானதை உறுதியாகவே சொல்கிறேன். சந்தேகமானதற்கு மட்டும், சந்தேகம் எதனால் என்ற காரணத்தையும் சேர்க்கிறேன். எழுத்தைக் குரலாக வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் வழியாகக் கேட்பவர் கண்ணை ஓட்டித் தேவையானதைப் பொறுக்க முடியாது, வரிசையாகத்தான் கேட்க முடியும். ஆகவே இடிக்கக்கூடியது முதலில். இதுதான் அனுப்பியது:

"அக்கா, முதல் பதிலை விட்டுடுங்க, அதுல தப்பு இருக்கு. இதைக் கேளுங்க.

தலை உயரத்துல ஒரு இரும்புத் தகடு இருக்கு. பன்னிரண்டரை மணிக்கு, முதல்ல நீங்க நின்ன இடத்துல ஸ்டிக் நுனியிலிருந்து பத்து ஓடு தள்ளி. கீழ் விளிம்பு சுமார் அஞ்சடி உயரம், உங்க நெத்தி. ஸ்டிக்ல படாது.

அதுக்கு ரெண்டு ஓடு முன்னாடி பைக், கோடு போட்ட ஓடுகளை அடைச்சு சாய்வா நிக்குது. இடப்பக்கம் ஒரு ஓடு அகலம், வலப்பக்கம் மூணு ஓடு அகலம். வலப்பக்க இடைவெளிக்கு மேலதான் அந்தத் தகடு, கம்பித் தடுப்புலேருந்து ரெண்டு ஓடு அகலத்துக்கு நீண்டிருக்கு.

தகட்டைத் தாண்டித் தரையில ஒரு கருப்புத் திட்டு, ரெண்டு ஓடு அளவு. ஈரமா, நிழலா, பள்ளமான்னு என்னால பிரிக்க முடியல. விளிம்பு எதுவும் கண்ணுல படல, ஆனா படத்துல அந்த இடம் மங்கல். பள்ளம்னு வச்சுக்கிட்டுத் தொட்டுப் பாருங்க.

தெருமுனையில புள்ளி ஓடும் சரிவும் இருக்கு. சரிவு ஒரு மணியைப் பார்த்து இறங்குது, சந்திப்பு நடுவுக்கு. அதை வச்சுத் திசை எடுக்காதீங்க. ஜீப்ரான்னு நான் சொன்னது கம்பியோட நிழல். பதினொன்றரை மணிக்குத் தேய்ஞ்ச வெள்ளைத் திட்டு ரெண்டு இருக்கு, கிராசிங்கா தெருவோட நடுக்கோடான்னு உறுதியில்ல.

எதிர்ப்புறம் வண்டிச் சிக்னல் ஒண்ணு, உங்களோட இணையா போற வண்டிகளுக்கு. நடக்கிறவங்களுக்கான சிக்னல் பெட்டியும் எதிர்ப்புறம் இருக்கு. வேலை செய்யுதான்னு படத்துல சொல்ல முடியாது. ரெண்டு பக்கத்துலேருந்தும் பின்னாலேருந்தும் வர்ற வண்டிகள் படத்துக்கு வெளிய.

தகட்டுல எழுதியிருக்கிறது: நடைபாதை மூடப்படும். தேதி 13 அல்லது 18."

கடக்கலாமா வேண்டாமா என்று இதில் எங்கும் இல்லை. பாதுகாப்பு, தெளிவு, நல்லா இருக்கு போன்ற சொற்களும் இல்லை. அவை படத்தில் உள்ளவை அல்ல, என் முடிவுகள்.

பிறகு நடந்தது

அக்கா வலப்பக்க இடைவெளியைத்தான் தேர்ந்தெடுத்தார். முன்கையை முகத்துக்குக் குறுக்கே, நெற்றி உயரத்தில் ஒரு சாண் முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார். நடமாட்டப் பயிற்சியில் கற்றுத்தரும் முறை அது. தலை உயரத்தில் தடை எங்கே வரும் என்று தெரிந்தால் மட்டும் செய்வார்கள், வழிநெடுக யாரும் கையைத் தூக்கிக்கொண்டு நடப்பதில்லை. முன்கையில் தகடு தட்டியது, குனிந்து கடந்தார். கருப்புத் திட்டைக் கோலால் இரண்டு முறை தொட்டார். வெறும் ஈரம். என் சந்தேகத்தால் அவருக்கு ஏற்பட்ட செலவு அந்த இரண்டு தட்டல். ஜீப்ரா என்று உறுதியாகச் சொன்னதை நம்பியிருந்தால் செலவு எதுவாக இருந்திருக்கும் என்று இப்போதும் என்னால் நிம்மதியாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

தெருமுனையில் அவர் புள்ளி ஓட்டின் மேல் நின்றார். சரிவைப் பொருட்படுத்தாமல், பின்னால் உள்ள சுவரையும் பக்கத்தில் இணையாக ஓடும் வண்டிகளின் சத்தத்தையும் வைத்துத் திசை எடுத்துக்கொண்டார். ஒரு முழுச் சிக்னல் சுற்றைக் கேட்டார். அடுத்த சுற்றில் இணை வண்டிகள் சேர்ந்து புறப்படும் இரைச்சல் எழுந்ததும் கடந்தார். அந்தப் பகுதியில் என் விவரிப்புக்கு எந்த வேலையும் இருக்கவில்லை.

இரவு ஒரு செய்தி வந்தது. திரும்பி வரும் வழியில் தகட்டைக் கோலோடு வைத்து அளந்திருக்கிறார். "அஞ்சடி இல்ல தம்பி, நாலே முக்கால்."

கணக்கைத் திரும்பப் போட்டேன். விகிதம் சரி. போன் நான்கடியில் இருந்தது என்று நான் எடுத்துக்கொண்டதுதான் பிழை. இரண்டரை அங்குலம் தாழ்த்திப் பிடித்திருந்தாலே மூன்று அங்குலம் மாறிவிடும். நெற்றி என்று சொன்ன இடம் உண்மையில் கண்ணும் மூக்கும். முன்கையை அவர் வழக்கத்தைவிடச் சற்றுத் தாழ்த்திப் பிடித்ததால்தான் தட்டியது. இப்போது உயரத்தை ஒற்றை எண்ணாகச் சொல்வதில்லை. "நாலரைக்கும் அஞ்சே காலுக்கும் நடுவுல, தாடையிலேருந்து உச்சந்தலை வரை எங்க வேணா இருக்கலாம், போனை எவ்வளவு உயரத்துல பிடிச்சீங்கன்னு சொன்னா சுருக்கிச் சொல்றேன்" என்று சொல்கிறேன். அக்காவும் இப்போது படத்தோடு சேர்த்து, போன் எந்தப் பட்டன் உயரத்தில் இருந்தது என்று சொல்லி அனுப்புகிறார்.